ஒரு கிரைண்டர் அறிமுகத்தை ஏழு சிறு பதிவுகளாகப் பிரிப்பது எப்படி?

கோவை கணபதியிலோ பீளமேட்டிலோ ஒரு சிறு பட்டறை, மாதக்கணக்கில் உழைத்து ஒரு புதிய மேசை கிரைண்டரைச் செய்து முடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது வீடுகளுக்கான 2 லிட்டர் கிரைண்டர். வீட்டுக்கு வரும் மின்சாரம் 170 வோல்ட்டுக்கு இறங்கினாலும் நிற்காமல் மாவாட்டுவது அதன் தனித்தன்மை. தோட்டத்து வீடுகள் நிறைந்த நம் பகுதியில், பம்புசெட்டுகள் ஓடும் நேரத்தில் கிரைண்டர் உறுமிக்கொண்டு நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். இந்தக் கிரைண்டரை தை 1 அன்று எக்ஸ் தளத்தில் ஒன்றோடொன்று தொடுக்கப்பட்ட சிறு பதிவுகளாக, அதாவது திரெட் ஆக, அறிமுகம் செய்ய வேண்டும். பட்டறையும் விலையும் எடையும் இந்தக் கட்டுரைக்காக நான் வைத்துக்கொண்ட எடுத்துக்காட்டுகள். வேலையின் முறையை இந்த ஒரே கிரைண்டரை வைத்துத் தொடக்கம் முதல் முடிவு வரை பார்க்கலாம்.

முதலில் ஒரே வாக்கியம்

பதிவுகளை எழுதத் தொடங்கும் முன், அறிமுகம் முழுவதையும் ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். அந்த வாக்கியத்தில் பொருள் என்ன, அது செய்யும் புதிய வேலை என்ன, எப்போது கிடைக்கும் என்ற மூன்றும் இருக்க வேண்டும். நம் கிரைண்டருக்கு அது இப்படி அமையும்: “மின்னழுத்தம் 170 வோல்ட்டுக்கு இறங்கினாலும் நிற்காமல் ஆட்டும் 2 லிட்டர் மேசை கிரைண்டர், தை 1 முதல் விற்பனைக்கு வருகிறது.” இப்படி ஒரே வாக்கியத்தில் அடங்க மறுத்தால், பெரும்பாலும் இரண்டு அறிமுகங்களை ஒன்றாகக் கலந்திருக்கிறோம் என்று பொருள். புதிய கிரைண்டரும் பழைய கிரைண்டரைக் கொடுத்துப் புதியதை வாங்கும் மாற்றுத் திட்டமும் ஒரே தொடரில் வந்தால், வாசிப்பவர் எதை நினைவில் வைப்பது என்று தெரியாமல் இரண்டையும் விட்டுவிடுவார். மாற்றுத் திட்டத்தை இன்னொரு நாளுக்கு எடுத்து வையுங்கள்.

வரிசையைத் தருவது வாங்குபவரின் கேள்விகள்

புதியவர்கள் பலர் தடுமாறும் இடம் இதுதான் என்பதால் இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். பொருளைச் செய்தவரின் மனத்தில் அது ஒரு வரலாறாக இருக்கிறது. 1955-இல் கோவையில் சபாபதி மின்கிரைண்டரை உருவாக்கியது, கோவை வெட் கிரைண்டர் புவிசார் குறியீடு பெற்றது, தம் பட்டறை தொடங்கிய கதை, மோட்டாரை மாற்றி மாற்றிச் சோதித்த கதை என்ற வரிசையில்தான் அவர் எழுத விரும்புவார். இவை எல்லாமே மதிக்கத்தக்க செய்திகள். ஆனாலும், கைப்பேசியில் விரலால் தள்ளிக்கொண்டே போகும் ஒருவர் நான்காவது பதிவு வரை காத்திருந்து பொருளைத் தெரிந்துகொள்ள மாட்டார். அவருக்கு வேண்டியது தம் வீட்டுக்கு இது ஆகுமா என்பதற்கான விடை.

ஆகவே வரிசையைக் கேள்விகளிலிருந்து எடுக்க வேண்டும். கடையில் நிற்பவர்களும் தொலைபேசியை எடுப்பவர்களும் இதற்கு நல்ல மூலம். இந்த மாதிரிக் கிரைண்டரைப் பற்றிக் கேட்பவர்கள் எந்தச் சொற்களில் கேட்கிறார்களோ, அதே சொற்களில் ஒரு வாரம் நோட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். நம் ஊர்ப் பக்கம் கேள்விகள் இப்படி வரும்:

“ஏனுங்க, வோல்டேஜ் கம்மியானா நின்னு போயிருமுங்களா?”
“நாலு பேருக்கு மாவாட்டுனா ஒரே தடவைல ஆயிருமுங்களா?”
“கல்லைக் கழுவறதுக்கு எங்க அம்மாவால தூக்க முடியுமுங்களா?”
“என்ன வெலைங்க?”
“ரிப்பேர்னா எங்கீங்க கொண்டாறது?”

இந்தக் கேள்விகளை அடுக்குவதற்கு ஒரு விதி உண்டு. முதல் கேள்விக்கு விடை கிடைத்த பிறகுதான் இரண்டாவது கேள்வி மனத்தில் எழும் என்றால், முதலாவது முன்னே வர வேண்டும். மின்னழுத்தம் குறைந்தாலும் ஓடுமா என்பது தெரியாதவருக்கு விலை ஒரு பொருட்டல்ல. எவ்வளவு மாவு ஆட்டும் என்று தெரியாதவரால் விலை கூடுதலா குறைவா என்று எடைபோட முடியாது. வாங்கலாம் என்று மனம் பாதி சாய்ந்த பிறகே பழுது, உத்தரவாதம் பற்றிய கவலை வரும். இப்படிப் பார்த்தால் நம் தொடருக்கு ஏழு பதிவுகள் கிடைக்கின்றன: அறிமுகம், குறைந்த மின்னழுத்தத்தில் ஓடுவதற்கான சான்று, கொள்ளளவு, கழுவுவது, விலையும் வாங்கும் வழியும், பழுதும் உத்தரவாதமும், கடைசியாக யாருக்கு இது ஏற்றதல்ல என்பது.

கடைசிப் பதிவைப் பலர் எழுதத் தயங்குவார்கள். உணவகத்துக்கு இது தாங்காது என்று தாமே சொல்லிவிட்டால் விற்பனை குறையும் என்று எண்ணுவார்கள். என் கருத்தில் இந்தத் தொடரில் கட்டாயம் இருக்க வேண்டிய பதிவு அது. வீட்டுக் கிரைண்டரை மெஸ்ஸுக்கு வாங்கிச் சென்று மோட்டாரைக் கருக்கிய ஒருவர், அதே தொடரின் கீழே வந்து எழுதும் ஒரு வரி மற்ற ஆறு பதிவுகளையும் வீணாக்கிவிடும்.

அப்படியானால் வரலாறு எங்கே போகும்? பொருளின் ஏதாவது ஒரு குணத்தை விளக்கும் அளவுக்கு மட்டும் அது உள்ளே வரலாம். கல் ஊத்துக்குளிப் பக்கத்திலிருந்து வருகிறது என்றால், கழுவுவதையும் கல்லையும் பற்றிப் பேசும் நான்காவது பதிவில் அதற்கு ஒரு வரி இடமுண்டு. புவிசார் குறியீட்டைக் குறிப்பிடுவதில் மட்டும் கவனம் தேவை. அந்தக் குறியீட்டைத் தம் பொருளுக்குப் பயன்படுத்தும் உரிமை, அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்தவர்களுக்கே உண்டு. பதிவு செய்யாத பட்டறை அதை விளம்பரத்தில் சேர்க்கக் கூடாது.

ஒரு பதிவில் எவ்வளவு தமிழ் கொள்ளும்

எக்ஸ் தளத்தில் கட்டணம் செலுத்தாத கணக்குக்கு ஒரு பதிவின் எல்லை 280. ஆனால் நாம் எழுத்தென்று எண்ணுவதை அந்தத் தளம் அப்படியே எண்ணுவதில்லை. மெய்யின் புள்ளியையும், உயிர்மெய்யில் சேரும் கால், கொம்பு, சுழி ஆகியவற்றையும் அது தனித்தனியாகக் கணக்கில் எடுக்கிறது. “கிரைண்டர்” நமக்கு ஐந்து எழுத்து, தளத்துக்கு ஒன்பது. “வணக்கம்” நமக்கு ஐந்து, தளத்துக்கு ஏழு. இதனால் ஒரு பதிவில் ஏறத்தாழ 28 தமிழ்ச் சொற்கள்தாம் கொள்ளும். 22 முதல் 25 சொற்களுக்குள் எழுதிப் பழகினால், எண்ணும் இணைப்பும் சேர்க்க இடம் மிஞ்சும். இணைப்பு எவ்வளவு நீளமாக இருந்தாலும் தளம் அதை 23 என்றே கணக்கிடும். ஒரு எமோஜிக்கு 2 போகும்.

புளூஸ்கையில் எல்லை 300 என்றாலும் அங்கே “கிரைண்டர்” என்பது ஐந்தாகவே எண்ணப்படுவதால் தமிழுக்கு இடம் தாராளம். திரெட்ஸ் தளத்தின் எல்லை 500. பல தளங்களில் ஒரே தொடரைப் போடுவதாக இருந்தால், இருப்பதில் மிகக் குறுகிய எக்ஸின் கணக்குக்கே எழுதுங்கள்.

இனி முதல் பதிவு:

> எங்கள் புதிய 2 லிட்டர் மேசை கிரைண்டர், மின்னழுத்தம் 170 வோல்ட்டுக்கு இறங்கினாலும் நிற்காமல் மாவாட்டும். தை 1 முதல் விற்பனைக்கு வருகிறது. எப்படி ஓடுகிறது, எவ்வளவு ஆட்டும், என்ன விலை என்று வரிசையாகச் சொல்கிறோம். 1/7

தளத்தின் கணக்கில் இது 210-க்குச் சற்று மேல் வருகிறது. இதில் மூன்று வேலைகள் நடந்திருக்கின்றன. முதல் வாக்கியம் பொருளையும் அதன் புதுமையையும் சொல்லிவிட்டது. இரண்டாவது தேதியைச் சொன்னது. மூன்றாவது, கீழே தொடர்ச்சி இருக்கிறது என்பதையும் அது எந்த வரிசையில் போகும் என்பதையும் சொன்னது. தொடர்ச்சி இருப்பது தெரியாவிட்டால் வாசகர் முதல் பதிவோடு போய்விடுவார். “ஒரு மகிழ்ச்சியான செய்தி! காத்திருங்கள்” என்று முதல் பதிவைத் தொடங்குவது, உள்ளதில் மதிப்புமிக்க இடத்தை வெறுமையாக விடுவதாகும்.

தனியாகவும் நிற்க வேண்டும், தொடர்ந்தும் போக வேண்டும்

தொடரில் உள்ள எந்தப் பதிவையும் எவரும் தனியாக எடுத்துப் பகிர முடியும். விலையைச் சொல்லும் ஐந்தாவது பதிவை மட்டும் ஒருவர் தம் நண்பர்களுக்குப் பகிர்ந்தால், அதைப் பார்ப்பவர்கள் முதல் நான்கையும் பார்த்திருக்க மாட்டார்கள். “இதன் விலை 6,400 ரூபாய்தான்” என்று மட்டும் அங்கே இருந்தால், எதன் விலை என்பது அவர்களுக்குத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு பதிவிலும் “இது”, “அது” என்று தொடங்குவதைத் தவிர்த்துப் பொருளின் பெயரைத் திரும்பச் சொல்லுங்கள். ஐந்தாவது பதிவு இப்படி அமையலாம்:

> 170 வோல்ட்டிலும் ஓடும் இந்த 2 லிட்டர் மேசை கிரைண்டரின் விலை வரி உட்பட 6,400 ரூபாய். கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களுக்கு அனுப்பும் செலவு எங்களுடையது. முன்பதிவு செய்ய: (இணைப்பு) 5/7

வாங்குவதற்கான இணைப்பு விலையோடு சேர்ந்தே இருப்பதைக் கவனியுங்கள். விலையைப் பார்த்த கணத்தில்தான் ஒருவர் முடிவெடுக்கிறார். இணைப்பைத் தேடி அவரை இன்னும் இரண்டு பதிவுகள் கீழே அனுப்பினால் அந்த முடிவு கரைந்துவிடும். அதே இணைப்பை ஏழாவது பதிவில் இன்னொரு முறை வைக்கலாம்.

தனித்து நிற்கும் பதிவுகள் ஒன்றோடொன்று பிணைந்தும் இருக்க வேண்டும். “அடுத்து வருவது உங்களை வியக்க வைக்கும்” போன்ற தூண்டில் வரிகள் இதற்கு உதவாது; அவை இடத்தை அடைப்பதோடு சலிப்பையும் தரும். முந்தைய பதிவு எந்தக் கட்டத்தில் முடிந்ததோ, அங்கே வாசகர் மனத்தில் எழும் கேள்வியை அடுத்த பதிவின் முதல் வரியாக வைப்பதே நேரான வழி. கொள்ளளவைச் சொல்லும் மூன்றாவது பதிவு, “ஒரு தடவைக்கு முக்கால் கிலோ அரிசி ஆட்டலாம், உளுந்தை முதலில் தனியாக ஆட்டிக்கொள்ளுங்கள், நான்கு பேர் வீட்டுக்கு இரண்டு நாள் மாவு வரும்” என்று முடிகிறது. ஆட்டி முடித்தவர் அடுத்து என்ன செய்வார்? கழுவுவார். எனவே நான்காவது பதிவு, “ஆட்டிய பிறகு மேசை கிரைண்டரைக் கழுவுவது சிரமமா?” என்று தொடங்கி, கல்லும் டிரம்மும் தனித்தனியே கழலும் என்பதையும், தூக்க வேண்டிய எடை எத்தனை கிலோ என்பதையும் சொல்கிறது. “எடை குறைவு” என்று எழுதாமல் கிலோக் கணக்கை எழுதுவது இங்கே முக்கியம். தம் அம்மாவால் தூக்க முடியுமா என்பதை வாசகரே அந்த எண்ணை வைத்துத் தீர்மானித்துக்கொள்வார்.

சான்று இரண்டாவது பதிவில்

முதல் பதிவில் ஒரு பெரிய வாக்கைக் கொடுத்திருக்கிறோம். நம்புவதா வேண்டாமா என்ற தயக்கம் உடனே எழும் என்பதால் சான்று அடுத்த பதிவிலேயே வந்துவிட வேண்டும்:

> மாலையில் பம்புசெட்டுகள் ஓடும் நேரத்தில் வீட்டு மின்னழுத்தம் இறங்கும். சாதாரண கிரைண்டர் உறுமிவிட்டு நின்றுவிடும். 170 வோல்ட்டில் எங்கள் மேசை கிரைண்டர் சுமையோடு கிளம்புவதை வெட்டாத வீடியோவில் பாருங்கள். 2/7

வீடியோவில் வோல்ட் மீட்டரும் கிரைண்டரும் ஒரே சட்டத்துக்குள் தெரிய வேண்டும். மீட்டரை ஒரு காட்சியாகவும் கிரைண்டரை இன்னொரு காட்சியாகவும் எடுத்து ஒட்டினால், சந்தேகப்படுபவருக்கு அது சான்றாகாது. டிரம் வெறுமையாகச் சுற்றுவதைக் காட்டுவதிலும் பயனில்லை. மின்னழுத்தம் குறையும்போது மோட்டார் திணறுவது, அரிசி நிரம்பிய நிலையில் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதுதான். ஆகவே அரிசியைப் போட்ட பிறகு சுவிட்சைப் போடுவதைக் காட்ட வேண்டும். கட்டணமில்லாக் கணக்கில் வீடியோ 2 நிமிடம் 20 நொடி வரை போகலாம் என்றாலும், இந்தக் காட்சிக்கு அரை நிமிடம் போதும். பலரும் ஒலியை அணைத்துவிட்டே பார்ப்பார்கள் என்பதால், மீட்டரின் எண் ஒலியில்லாமலே படிக்கத்தக்க அளவில் தெரிகிறதா என்று கைப்பேசித் திரையில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மற்றப் பதிவுகள் எல்லாவற்றுக்கும் படம் வேண்டியதில்லை. கழலும் பாகங்களுக்கு ஒரு படம் போதும். படம் சேர்க்கும்போது, பார்வையற்றவர்களுக்காக அதன் விவரத்தை எழுதுவதற்குத் தளம் தரும் இடத்தையும் நிரப்புங்கள்.

வெளியிடும் முன் ஒரு சோதனை

ஏழு பதிவுகளையும் எண்கள் இல்லாமல் ஏழு துண்டுத் தாள்களில் எழுதி, குலுக்கி, இந்தக் கிரைண்டரைப் பற்றி எதுவும் அறியாத ஒருவரிடம் கொடுங்கள். அவர் அவற்றை வரிசைப்படுத்தட்டும். நீங்கள் அருகில் இருந்து விளக்கக் கூடாது. அவர் கை எந்த இடத்தில் தயங்குகிறதோ அங்கே பிணைப்பு பலவீனமாக இருக்கிறது. இரண்டு தாள்களை இடம் மாற்றி வைத்தும் அவருக்கு எந்த வேறுபாடும் தோன்றவில்லை என்றால், அந்த இரண்டுக்கும் இடையில் வரிசையே இல்லை. ஒன்றாக்க முடியுமா என்று பாருங்கள், முடியாவிட்டால் இரண்டாவதின் முதல் வரியை மாற்றுங்கள். நம் தொடரில் இப்படிச் சிக்கல் வரக்கூடிய இடம் மூன்றாவதும் நான்காவதும்தான், ஏனென்றால் கொள்ளளவும் கழுவுவதும் இயல்பிலேயே ஒன்றையொன்று சார்ந்தவை அல்ல. “ஆட்டிய பிறகு” என்ற இரண்டு சொற்களே அவற்றைப் பிணைத்து நிறுத்துகின்றன.

வெளியிடுதல்

எக்ஸ் தளத்தில் எழுதும் பெட்டியின் அருகே உள்ள கூட்டல் குறியை அழுத்தினால் அடுத்த பதிவுக்கான பெட்டி திறக்கும். ஏழையும் அங்கேயே நிரப்பி, மேலிருந்து கீழாக ஒருமுறை உரக்கப் படித்துப் பார்த்து, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வெளியிடுவதே பாதுகாப்பான முறை. ஒவ்வொன்றாக வெளியிட்டு, அதன் கீழே பதிலாக அடுத்ததை இடுபவர்கள் அவசரத்தில் ஆறாவதை ஐந்தாவதற்குப் பதிலாக நான்காவதற்குக் கீழே இட்டுவிடுவதுண்டு. அப்போது தொடர் இரண்டு கிளைகளாகப் பிரிந்து, ஐந்தாவதைப் படித்தவருக்கு ஆறாவது கண்ணில் படாமலே போகலாம். வெளியிட்டவுடன், வேறொருவரின் கணக்கு உள்ள இன்னொரு கைப்பேசியில் முதல் பதிவைத் திறந்து ஏழாவது வரை தடையில்லாமல் இறங்க முடிகிறதா என்று பாருங்கள்.

விலை, தேதி, இணைப்பு ஆகிய மூன்றையும் வெளியிடும் முன் இன்னொருவர் சரிபார்க்க வேண்டும், ஏனெனில் கட்டணம் செலுத்தாத கணக்கில் வெளியிட்ட பதிவைத் திருத்த முடியாது. ஐந்தாவது பதிவில் 6,400 என்பது 4,600 என்று போய்விட்டது என வைத்துக்கொள்ளுங்கள். அதை மட்டும் நீக்கினால் தொடரின் நடுவில் ஓட்டை விழும். ஆறும் ஏழும் நீக்கப்பட்ட ஒரு பதிவில் தொங்கிக்கொண்டிருக்கும். சில நிமிடங்களிலேயே கண்டுபிடித்துவிட்டால் ஐந்து, ஆறு, ஏழு மூன்றையும் நீக்கிவிட்டு, நான்காவதற்குக் கீழே மீண்டும் வரிசையாக இடுங்கள். பலர் அதற்குள் பகிர்ந்துவிட்டால் நீக்க வேண்டாம். பிழையான பதிவின் நேர் கீழே சரியான விலையைப் பதிலாக இட்டு, அதையே தொடரின் முடிவிலும் ஒருமுறை சொல்லுங்கள்.

வெளியிடும் நேரத்தைப் பொறுத்தவரை, அடுத்த இரண்டு மணி நேரம் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஒருவர் கையில் கைப்பேசியோடு இருக்கக்கூடிய நேரமே சரியான நேரம். தை 1 காலையில் பட்டறையில் எல்லோரும் பொங்கல் வைத்துக்கொண்டிருப்பார்கள் என்றால், தொடரை முந்தைய நாள் மாலையிலேயே போட்டுவிடலாம். முதல் பதிவு “தை 1 முதல்” என்றுதான் சொல்கிறது.

எங்கே அறுந்தது என்று அறிவது

ஒரு நாள் கழித்து ஒவ்வொரு பதிவின் கீழும் காட்டப்படும் பார்வை எண்ணிக்கையை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். முதல் பதிவின் எண்ணிக்கை மற்றவற்றைவிட மிக அதிகமாகத்தான் இருக்கும். அது தனியாகவும் பலர் திரையில் வந்து போவதால் அந்த வேறுபாட்டைக் கண்டு மனம் தளர வேண்டாம். பார்க்க வேண்டியது இரண்டாவதிலிருந்து ஏழாவது வரையிலான இறக்கத்தை. அது சீராக இறங்கினால் தொடர் சரியாகவே பிணைந்திருக்கிறது. மூன்றாவதற்கும் நான்காவதற்கும் இடையில் மட்டும் திடீரென்று விழுந்தால், மூன்றாவது பதிவு வாசகருக்கு ஒரு முற்றுப்புள்ளியாகத் தோன்றியிருக்கிறது. ஐந்தாவது மட்டும் நான்காவதைவிட மேலே ஏறியிருந்தால், அதை யாரோ தனியாகப் பகிர்ந்திருக்கிறார்கள். பொருளின் பெயரை அதில் திரும்பச் சொன்னது அப்போது பயன்பட்டிருக்கும்.

எண்களோடு கேள்விகளையும் படியுங்கள். தொடரிலேயே விடை இருக்கும் ஒரு கேள்வியைப் பலர் கேட்டால், அந்த விடை தவறான இடத்தில் இருக்கிறது. தொடரில் இல்லாத ஒரு கேள்வி, எடுத்துக்காட்டாக “இன்வெர்ட்டர்ல ஓடுமுங்களா?” என்பது, மீண்டும் மீண்டும் வந்தால் அதற்கு ஒரு புதிய பதிவு எழுதி ஏழாவதன் கீழே பதிலாகச் சேர்த்துவிடலாம். அந்தப் பதிவுக்கு எண் போட வேண்டாம். 7/7 என்று ஏற்கெனவே முடிந்துவிட்ட தொடரில் 8 என்று எழுதினால் முந்தைய ஏழு எண்களும் பிழையாகத் தெரியும். “பலரும் கேட்டது: இந்த 170 வோல்ட் மேசை கிரைண்டர் இன்வெர்ட்டரில் ஓடுமா?” என்று தொடங்கி, எத்தனை வாட் இன்வெர்ட்டர் வேண்டும் என்பதை எண்ணோடு சொல்லி முடியுங்கள்.